வீட்டை நேரில் பார்த்தாயிற்று, சாவியும் அவர் கையில்தான் இருக்கிறது: முன்பணம் அனுப்பலாமா?

வீடுதேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி மாறுதல் காரணமாக அடுத்த மாதம் புதிய நகரம் ஒன்றுக்குக் குடிபெயர்கிறோம். விளம்பரத் தளம் ஒன்றில் கண்ட இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டை நேற்று நானும் என் மனைவியும் நேரில் சென்று பார்த்தோம். கதவைத் திறந்து காட்டியவர் தாமே உரிமையாளர் என்றார். அதே கட்டடத்தில் மற்ற வீடுகளுக்குக் கேட்கப்படும் வாடகையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவாகக் கேட்கிறார். பத்து நாளில் வெளிநாடு செல்வதாகவும், நல்ல குடும்பம் கிடைத்தால் போதும், பணம் பெரிதல்ல என்றும் காரணம் சொன்னார்.

இரண்டு மாத வாடகை முன்பணம். அதில் ஒரு மாதத் தொகையை நாளை மாலைக்குள் அனுப்பினால் வீட்டை எங்களுக்கென்று நிறுத்திவைப்பாராம், இல்லையென்றால் வேறொரு குடும்பம் தயாராக இருக்கிறதாம். மின்கட்டண ரசீது, சொத்துவரி ரசீது, தம் அடையாள அட்டை ஆகிய மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மூன்றிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆனால் பணம் அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு மட்டும் வேறு பெயரில் உள்ளது. கேட்டதற்கு, வெளிநாடு செல்வதால் தம் கணக்கை மூடிக்கொண்டிருப்பதாகவும், இது மைத்துனருடைய கணக்கு என்றும் சொன்னார்.

வீட்டைப் பார்த்துவிட்டோம், சாவியும் அவரிடம் இருக்கிறது, ஆவணங்களும் வந்துவிட்டன. இருந்தும் என் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் அளவுக்கு மீறிச் சந்தேகப்படுகிறோமா?

கதிரொளி எழுதியது:

போலி விளம்பரம் கொடுப்பவர்கள் வீட்டைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். ஊரில் இல்லை, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், முதலில் பணத்தைப் போடுங்கள் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் உள்ளே போய் அறை அறையாகப் பார்த்துவிட்டீர்கள். அதுவே பெரிய சோதனை. அவசரத்தில் இருப்பவர் வாடகையைக் குறைத்துக் கேட்பதும் இயல்புதான். கையெழுத்திட்ட ரசீது ஒன்றை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். தயங்கினால் நல்ல வீடு கைவிட்டுப் போய்விடும்.

தாழ்வாரம் எழுதியது:

கதிரொளி அவர்களே, நீங்கள் எழுதியதை அப்படியே நம்பித்தான் நான் இரண்டு மாத வாடகையை இழந்தேன். அதனால் என் கதையைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நானும் வீட்டை நேரில் பார்த்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டாம் முறை என் தாயாரையும் அழைத்துச் சென்றேன். காட்டியவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். எந்த அலமாரியில் சர்க்கரை இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. பணத்தை அனுப்பினேன், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம், ஒரு சாவியும் என்னிடம் தந்தார். குடியேற வேண்டிய நாள் காலையில் மூட்டை முடிச்சுகளோடு போய் இறங்கினால், அதே கதவின் முன்னால் இன்னொரு குடும்பம் தங்கள் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் கையிலும் அதே பெயரில், அதே வாசகத்தில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அரை மணி நேரத்தில் மூன்றாவதாக ஓர் இளைஞரும் வந்து சேர்ந்தார். ஒருவருடைய சாவியும் பூட்டைத் திறக்கவில்லை.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த மனிதர் அந்த வீட்டை விடுமுறைக்குத் தங்குவதுபோல் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த ஏழு நாளில் எத்தனை பேரை அழைத்துவந்து காட்டினாரோ, எங்களுக்குத் தெரிந்தது மூன்று பேர். உண்மையான உரிமையாளருக்கு இது எதுவும் தெரியாது. என் கையில் இருந்த ரசீதில் அழகான கையெழுத்து இருந்தது. அந்தப் பெயரில்தான் ஆள் இல்லை.

பத்திரம்பார்ப்பவர் எழுதியது:

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் 22 ஆண்டுகளாகச் சொத்து ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். தாழ்வாரம் அவர்களுக்கு நேர்ந்ததைப் போன்ற வழக்குகள் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆகவே வீடுதேடி அவர்களின் கேள்விக்கு நேராகவே வருகிறேன்: உங்கள் மனைவியின் ஐயம் சரியானது.

சாவி என்பது ஒருவர் அந்த வீட்டுக்குள் நுழைய முடியும் என்பதை மட்டுமே காட்டும். அங்கே ஏற்கனவே குடியிருந்து காலி செய்யப்போகிறவரிடம் சாவி இருக்கும். சில நாள் தங்க வந்தவர், வீட்டைப் பராமரிக்கும் ஆள், விற்பனைக்குக் காட்டும் தரகர், பழுதுபார்க்க வந்தவர் என எல்லோரிடமும் இருக்கும். வீட்டைப் பார்ப்பது தேவைதான். அப்படி ஒரு வீடு இருக்கிறது என்பதையும், விளம்பரப் படங்கள் அதனுடையவைதான் என்பதையும் அது உறுதிசெய்கிறது. வாடகைக்கு விடும் உரிமை அந்த மனிதருக்கு உண்டா என்பதை அது சொல்லாது. அது தனிக் கேள்வி.

இரண்டாவது, நீங்கள் பெற்ற மூன்று ஆவணங்களும் ஒரே கையிலிருந்து வந்தவை. அவற்றில் பெயர் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை; ஏமாற்ற நினைப்பவர் முதலில் சரிசெய்வதே அதைத்தான். அவர் கொடுக்காத வழி ஒன்றின் மூலம், நீங்களாகத் தேடிக் கண்ட இடத்திலிருந்து, அதே பெயர் கிடைக்கிறதா என்பதுதான் சோதனை. நான் மூன்று இடங்களில் பெயரைப் பொருத்திப் பார்ப்பேன். நிலப் பதிவேட்டில் உரிமையாளராக உள்ள பெயர், எதிரே நிற்கும் மனிதரின் அசல் அடையாள அட்டையில் உள்ள பெயர், பணம் போய்ச் சேரும் கணக்கின் பெயர். இம்மூன்றும் ஒன்றானால் மேற்கொண்டு பேசலாம். உங்களுக்கு மூன்றாவது ஏற்கனவே பொருந்தவில்லை, முதலாவதை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

இன்று இரவே செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. அந்த மின்கட்டண ரசீதைக் கணினித் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கி, பெயர் உள்ள வரியை மட்டும் அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்டதை எழுதுங்கள். பணத்தை மட்டும் இப்போது அனுப்பாதீர்கள்.

மாடிவீட்டம்மா எழுதியது:

நான் வீட்டு உரிமையாளர். எனக்கும் இப்படித்தான் நடக்க இருந்தது. வீடு வேண்டும் என்று தொலைபேசியில் பேசியவர், நேரில் வராமலேயே முன்பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி ஒரு கியூஆர் குறியை அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து என் ரகசிய எண்ணைப் போட்டால் பணம் என் கணக்குக்கு வந்துவிடும் என்றார். என் பேத்தி பக்கத்தில் இருந்ததால் தடுத்துவிட்டாள். எனவே நீங்களும் அவர் அனுப்பும் குறி எதையும் ஸ்கேன் செய்யாதீர்கள்.

பத்திரம்பார்ப்பவர் எழுதியது:

அம்மா, உங்கள் பேத்தி செய்தது மிகச் சரி. பணம் பெறுவதற்கு எவரும் ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை. எண் கேட்கப்படுகிறது என்றாலே பணம் உங்களிடமிருந்து வெளியே போகிறது என்று பொருள். ஆனால் அது வாடகைக்கு வருபவராக நடித்து உரிமையாளரை ஏமாற்றும் முறை. இவருடைய சிக்கல் அதற்கு நேர்மாறானது. இவர் தாமாகவே விரும்பிப் பணம் அனுப்பப் போகிறார். பெறுபவர் யார் என்பதுதான் கேள்வி.

வீடுதேடி எழுதியது:

ஐயா, பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் சொல்லியிராவிட்டால் என் கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்காது. முகவரி, இணைப்பு எண், தேதி ஆகிய எல்லா எழுத்துகளும் வெளிறிய கறுப்பில், ஓரங்கள் சற்றுப் பிசிறுடன் இருக்கின்றன. பெயர் மட்டும் கூர்மையான ஓரங்களுடன் அடர்ந்த கறுப்பில் இருக்கிறது. அந்த வரி மற்ற வரிகளைவிட ஒரு மயிரிழை மேலே தொடங்குகிறது. பெயரைச் சுற்றி ஒரு சிறு செவ்வகம் அளவுக்குத் தாள் தூய வெள்ளையாக இருக்கிறது, மற்ற இடமெல்லாம் மங்கிய சாம்பல் நிறம்.

இன்னொன்றும் செய்தேன். வீட்டைப் பார்த்தபோது கீழ்த்தளத்தில் இருந்த மின்மானிகளைப் படம் எடுத்திருந்தேன். ரசீதில் உள்ள மின்மானி எண் அந்த வீட்டு எண்ணுக்கு நேரே உள்ள மின்மானியோடு சரியாகப் பொருந்துகிறது. ஆக, ரசீது அந்த வீட்டினுடையதுதான். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கதிரொளி எழுதியது:

மின்மானி எண் பொருந்தினால் ரசீது உண்மைதானே? வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும், அதில் எழுத்துகள் இப்படி மாறித் தெரிவது உண்டு. ஐயம் தீர வேண்டுமானால் மிகச் சிறிய தொகை ஒன்றை அந்தக் கணக்குக்கு அனுப்பிப் பாருங்கள். கணக்கின் உண்மையான பெயர் திரையில் வந்துவிடும்.

பத்திரம்பார்ப்பவர் எழுதியது:

படம் சுருங்கினால் ஒரு பகுதியில் உள்ள எழுத்துகள் எல்லாமே ஒரே மாதிரி கெடும். ஒரே ஒரு பெயரை மட்டும் கூர்மையாக்கி, அதைச் சுற்றித் தாளை வெளுக்கவைக்கும் சுருக்கத்தை நான் கண்டதில்லை. ரசீது உண்மை, பெயர் மட்டும் மாற்றப்பட்டது என்பதே என் கணிப்பு. வீட்டில் சில நாள் இருப்பவருக்குத் தபால் பெட்டியிலிருந்தோ மேசை இழுப்பறையிலிருந்தோ பழைய ரசீது ஒன்று எளிதில் கிடைத்துவிடும். எண்களை மாற்றாமல் விடுவதால் அவற்றைச் சோதிப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். எண் பொருந்துவது ரசீதுக்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பைத்தான் காட்டுகிறது, ரசீதுக்கும் மனிதருக்கும் உள்ள தொடர்பை அல்ல.

சிறு தொகை அனுப்பிப் பார்ப்பதில் பாதி பயன் உண்டு. கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் வீட்டுக்கு உரியவரா என்பது தெரியாது. இங்கோ கணக்கு வேறொருவருடையது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. இத்தகைய மோசடிகளில் பணம் முதலில் போய் விழும் கணக்கு பெரும்பாலும் கூலிக்கு வாடகைக்கு எடுக்கப்பட்ட கணக்காகவே இருக்கும். நீங்கள் புகார் செய்யும்போது அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வீடுதேடி அவர்களே, மின் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து சென்று, அந்த இணைப்பு எண்ணை இட்டுப் பாருங்கள். அவர் அனுப்பும் சுட்டி எதன் வழியாகவும் போக வேண்டாம். பல நிறுவனங்கள் பணம் கட்டுவதற்கு முன் பெயரின் ஒரு பகுதியையாவது காட்டும். அப்படியே நிலப் பதிவேட்டையும் பாருங்கள். அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திறந்திருப்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எவர் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி உரிமையாளர் பெயரைப் பார்க்கலாம். ஜெர்மனியில் உங்களுக்கு நியாயமான அக்கறை இருப்பதைக் காட்டினால்தான் பார்க்க முடியும். உங்கள் இடத்தில் எந்த வழி உண்டோ அதைப் பயன்படுத்துங்கள். சொத்துவரி ரசீது பதிவேட்டுக்கு ஈடாகாது. வரியை யார் கட்டினார் என்பது வேறு, சொத்து யாருடையது என்பது வேறு.

நிலாமுற்றம் எழுதியது:

எதிர்த்தரப்பிலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் வெளிநாட்டில் வசிக்கிறேன், என் வீட்டை என் தம்பிதான் வாடகைக்கு விடுகிறான், வாடகையும் அவன் கணக்குக்கே போகிறது. பத்திரம்பார்ப்பவர் சொல்லும் மூன்று பெயர்ச் சோதனையில் நாங்கள் இருவருமே மோசடிக்காரர்கள் ஆகிவிடுவோம்.

மேலும், அடையாள அட்டையின் நகலை அறிமுகமில்லாத ஒருவருக்கு அனுப்ப நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். வீடு பார்க்க வந்தவர் என்று நம்பி ஒரு முறை நான் அனுப்பிய நகலை வைத்து, வேறொரு நகரத்தில் என் பெயரில் வீட்டு விளம்பரம் போட்டிருந்தார்கள். வாடகைக்கு வருபவருக்கு உள்ள அச்சம் உரிமையாளருக்கும் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

பத்திரம்பார்ப்பவர் எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம். நகலைக் கேட்பதைவிட நேரில் அசலைக் காட்டச் சொல்வதே இரு தரப்புக்கும் நல்லது. அனுப்பியே ஆக வேண்டுமென்றால், நகலின் குறுக்கே, முகத்தின் மீதும் எண்ணின் மீதும் படும்படி, இன்ன வீட்டு வாடகைக்காக இன்ன தேதியில் இன்னாருக்குத் தரப்பட்டது என்று எழுதி அனுப்பலாம். அதை வேறிடத்தில் பயன்படுத்துவது கடினம்.

உங்கள் தம்பியைப் பொறுத்தவரை, பெயர் பொருந்தாததற்கு ஒரு விளக்கம் இருக்கிறது, அந்த விளக்கத்துக்கு ஓர் ஆவணமும் இருக்க வேண்டும். வாடகைக்கு விடவும் பணம் பெறவும் நீங்கள் அவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தால், அதில் சான்றளித்த அலுவலரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். அந்த அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைப் பத்திரத்திலிருந்து எடுக்காமல் தனியாகத் தேடி எடுத்து, அப்படி ஒரு பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்கலாம். கூடவே உங்களோடு ஒரு காணொளி அழைப்பு. இவ்வளவும் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன்.

நிலாமுற்றம் எழுதியது:

அதிகாரப் பத்திரம் எதுவும் நாங்கள் எழுதவில்லை. குடும்பத்துக்குள் யார் எழுதிக்கொண்டிருப்பார்கள்? எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் குடும்பம் தம்பியின் சொல்லை நம்பித்தான் வந்தது, ஒரு குறையும் இல்லை. உங்கள் விதியை எல்லோரும் கடைப்பிடித்தால் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும்.

தாழ்வாரம் எழுதியது:

உங்கள் குடித்தனக்காரருக்கு நல்ல காலம், அவ்வளவுதான் சொல்ல முடியும். உங்கள் தம்பி சொல்லும் அதே சொற்களைத்தான் என்னை ஏமாற்றியவரும் சொன்னார். கேட்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய எந்த வழியும் இல்லை. எழுதிக்கொடுப்பதில் உங்களுக்கு என்ன இழப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வீடுதேடி எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மின் நிறுவனத்தின் தளம் பெயரின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் காட்டி, நடுவில் நட்சத்திரக் குறிகளை இட்டிருக்கிறது. முதல் எழுத்து 'ச'. அந்த மனிதரின் பெயர் 'ர'வில் தொடங்குகிறது. நிலப் பதிவேட்டில் தேடியதில் 'ச'வில் தொடங்கும் ஒரு பெண்மணியின் பெயரே உரிமையாளராக இருக்கிறது.

அவரிடம் நேரடியாகக் கேட்டேன். சற்றும் தயங்காமல், அது தம் தாயார் என்றும், வீடு இன்னும் தாயார் பெயரில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். தாயாரோடு ஐந்து நிமிடம் காணொளியில் பேசலாமா என்றேன். உடல்நலமில்லை என்றார். பணத்தை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில், வீட்டிலேயே, தாயாரின் கணக்குக்கு அனுப்புகிறேன் என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. மாலையில் குரல்செய்தி ஒன்று வந்தது: முழு ஒரு மாதம் வேண்டாம், கால் மாத வாடகையை மட்டும் இப்போது அனுப்புங்கள், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, தாயார் கதை உண்மையாகவும் இருக்கலாமே என்றாள். இப்போது ஐயம் எனக்கும் இரக்கம் அவளுக்குமாக இடம் மாறிவிட்டது.

பத்திரம்பார்ப்பவர் எழுதியது:

தாயாரின் வீட்டை மகன் வாடகைக்கு விடுவது எங்கும் நடப்பதுதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ரசீது தாயாரின் பெயரில் இருந்தால், மறைக்க எதுவும் இல்லாத மகன் தாயாரின் பெயரோடுதான் ரசீதை அனுப்பி, இது என் அம்மா என்று முதல் நாளே சொல்லியிருப்பார். இங்கே பெயரை அழித்துத் தம் பெயரை எழுதிய ரசீது முதலில் வந்தது, தாயார் நீங்கள் கேட்ட பிறகு வந்தார். எந்த விளக்கமும் அந்த வெள்ளைச் செவ்வகத்துக்குப் பதில் சொல்லவில்லை.

தொகையைக் குறைத்ததும் எனக்கு ஆறுதல் தரவில்லை. உரிமையாளருக்கு வேண்டியது வாடகைக்கு ஆள். அவர் கையெழுத்து நாள் வரை காத்திருப்பார். எவ்வளவு வந்தாலும் இன்றே வர வேண்டும் என்பவருக்கு வேண்டியது வேறு. சிறு தொகைதானே என்று அனுப்பியவரிடம் அடுத்த வாரம் பதிவுக் கட்டணம், அதற்கடுத்து சாவிக் கட்டணம் என்று கேட்பு தொடரும். முதல் தொகையை இழக்க மனமில்லாமல் அவர்களும் கொடுத்துக்கொண்டே போவார்கள்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகம் உரிமையாளரின் தொலைபேசி எண்ணை உங்களுக்குத் தராது, தரவும் கூடாது. ஆனால் உங்கள் கடிதம் ஒன்றை உரிமையாளருக்குச் சேர்ப்பிக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வீட்டு எண், விளம்பரத்தின் படம், காட்டியவரின் பெயர், உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள்.

தாழ்வாரம் எழுதியது:

விளம்பரப் பக்கத்தையும் உரையாடலையும் இப்போதே படமாக எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். தளத்தில் புகார் செய்வது அதற்குப் பிறகுதான். நான் முதலில் புகார் செய்தேன், விளம்பரம் ஒரு மணி நேரத்தில் நீக்கப்பட்டது, காவல் நிலையத்தில் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. வங்கிக்கு நான் மூன்றாம் நாள்தான் சொன்னேன். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்திவைக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும் என்றார்கள்.

கதிரொளி எழுதியது:

முதலில் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். வீட்டைப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கக் கூடாது. இருந்தாலும் நிலாமுற்றம் அவர்கள் கேட்டதற்கு இன்னும் சரியான பதில் வரவில்லை என்றே நினைக்கிறேன். எல்லா வீட்டிலும் பத்திரம் பெயர் மாறி முறையாக இருப்பதில்லை. பெற்றோர் காலமான பிறகும் அவர்கள் பெயரிலேயே இருக்கும் வீடுகளில் யாரிடம் எதைக் கேட்பது?

பத்திரம்பார்ப்பவர் எழுதியது:

அந்த இடத்தில் எனக்கும் தயக்கம் உண்டு. வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் எழுத்துப்பூர்வமான சம்மதம் ஆகியவற்றைக் கேட்பேன். ஒரு வாடகைதாரர் இவ்வளவு கேட்டால் பலர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே ஆபத்தைக் குறைக்க முடியும், நீக்க முடியாது. சாவி கைக்கு வந்து, குடியேறும் நாளில் மட்டும், சிறிய முன்பணமாகக் கொடுக்க அவர்கள் சம்மதித்தால் நான் பரிசீலிப்பேன்.

வீடுதேடி எழுதியது:

கடிதத்தை நிர்வாக அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அங்கிருந்தவர் வீட்டு எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து, இதே வீட்டைப் பற்றி இந்த வாரம் விசாரிக்க வந்த இரண்டாவது ஆள் நீங்கள் என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. உரிமையாளரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. அந்த மனிதருக்குப் பணம் அனுப்ப முடியாது என்று தெரிவித்துவிட்டேன். மறுநாள் பார்த்தால், தயாராக இருப்பதாகச் சொன்ன அந்த வேறொரு குடும்பத்துக்கு வீடு போகவில்லை. விளம்பரம் அதே படங்களோடு, அதே வாடகையோடு, வேறொரு தொலைபேசி எண்ணில் மீண்டும் வந்திருக்கிறது. இரண்டு விளம்பரங்களையும் சேமித்துக்கொண்டு, தளத்திலும் காவல்துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் முழு வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது. அதன் உரிமையாளரிடம் பதிவேட்டுப் பெயரையும் கணக்குப் பெயரையும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சற்றும் கோபப்படாமல், சனிக்கிழமை அசல் ஆவணங்களோடு வருகிறேன், நீங்களும் உங்கள் அடையாள அட்டையின் அசலை எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.